பிரிக்காத பெட்டிக்கு ஐந்து தவணை

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. பிள்ளைகளுக்கு அவள் வேனக்கா. பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் வேனக்காதான். போன மாதம் ஒரு குழந்தையின் தாத்தா, எழுபது வயது மனிதர், "வேனக்கா, நாளைக்குப் பேத்தி வரமாட்டா" என்று சொல்லிவிட்டு, சொன்னதில் ஏதோ இடிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுப் போனார்.

நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு சீட்டு உள்ள மஞ்சள் வேன். காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை. எந்தப் பிள்ளை ஜன்னலோரம் கேட்டு அழும், எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எது அம்மாவைப் பார்த்ததும் அழுது அம்மா மறைந்ததும் சிரிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாந்தி எடுக்கிற பிள்ளையை அவள் ஒருநாளும் திட்டியதில்லை. சீட்டு உறைகளைக் கழற்றி எடுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கையாலேயே துவைப்பாள்.

வீட்டில் துவைக்கும் இயந்திரம் இல்லாமல் இல்லை. இருந்தது. அதுதான் விஷயமே.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவள் நெடுங்காலம் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனும் அண்ணியும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல ஒரு கட்டிலும் ஒரு ஆணியும்தான் இருந்தன. ஆணியில் வேன் சாவி தொங்கும். நாற்பத்து மூன்றாவது வயதில் ஒருநாள், பெரிய சண்டை எதுவும் இல்லாமல், இரண்டாம் மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தனியாக வந்துவிட்டாள். கொஞ்ச காலம் கழித்து வாடகைத் தவணையில் சின்னதாக ஒரு வாஷிங் மெஷின் எடுத்தாள். இருபத்து நான்கு தவணை. தன் கையெழுத்தைத் தன் பொருளுக்காக ஒரு காகிதத்தில் போட்டது அதுதான் முதல் தடவை. அதனால் அதன்மேல் அவளுக்குக் கொஞ்சம் பைத்தியம் என்றே சொல்லலாம். துணி துவைத்து முடித்ததும் அதைத் துடைத்துப் போர்த்தி வைப்பாள். வேன் சீட்டு உறை அதன் வாயில் போனதே இல்லை.

அவர் வந்தது ஒரு கண்ணாடியின் மூலமாக. கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடையில் பின்பக்கம் உட்கார்ந்து வில்லை தேய்ப்பவர். ஐம்பத்திரண்டு வயது. முதல் மனைவி இறந்து பதினோரு வருடம். கடைக்குப் பின்னாலேயே ஒரே ஒரு அறையில் குடியிருப்பு. பேச்சு கம்மி. பேசினாலும் வில்லையைத் தேய்க்கிற மாதிரி, ஒரு வார்த்தையை நாலு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். அவள் படிக்கிற கண்ணாடி வாங்கப் போனாள். இரண்டு தடவை பிரேம் தளர்வாக இருக்கிறது என்று போனாள். மூன்றாவது தடவை கண்ணாடி சரியாகத்தான் இருந்தது, அப்படியும் போனாள்.

மற்றதெல்லாம் நிதானமாக நடந்தது. மாதம் நான்காம் தேதி பதிவு அலுவலகத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணனும் அண்ணியும் சாட்சி. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே இவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மாலை நடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். அன்று வேனில் ஏறிய பிள்ளைகளுக்குத் தலைக்கொரு மிட்டாய். எதற்கு என்று அவள் சொல்லவில்லை.

அவருடைய அறைக்கு மாதக் கடைசிவரை வாடகை கட்டியிருந்தது. அதுவரை சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம், முப்பதாம் தேதி மொத்தமாக அவள் வீட்டுக்கு மாறிவிடலாம் என்று பேச்சு. பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கட்டுவதற்கு உதவ அவள் வந்தாள். தட்டுமுட்டுச் சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூலையில் பூப்போட்ட துணி விரித்த ஒரு மேசை. அவள் எத்தனையோ தடவை டீ டம்ளர் வைத்த மேசை அது. துணியை மடிக்கலாம் என்று எடுத்தாள்.

அடியில் மேசை இல்லை. அட்டைப்பெட்டி இருந்தது. இடுப்பு உயரத்துக்கு, மேலே பார்த்த அம்புக்குறியும் உடையும் டம்ளர் படமும் போட்ட பெரிய பெட்டி. பக்கவாட்டில் வாஷிங் மெஷின் படம். கடையின் சீல் உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"என்னங்க இது?"

அவர் செய்தித்தாளில் டம்ளர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிய டம்ளரை மறுபடி பிரித்தார். "அது ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான்" என்றார்.

விஷயம் மெதுவாகத்தான் வெளியே வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால், இன்னும் எதுவும் பேசி முடிவாகாத காலத்தில், அவள் கடைக்கு வந்தபோது கை விரல் கணுவெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார். கேட்டதற்கு, சீட்டு உறை துவைத்தேன், வாராவாரம் இதுதான் பாடு என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பாவம், இந்தப் பொம்பளை வீட்டில் மெஷின் இல்லை என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். மறுநாளே போய், முன்பக்கம் கதவு வைத்த பெரிய மெஷினாகப் பார்த்து வாடகைத் தவணையில் எடுத்துவிட்டார். என்றைக்காவது கல்யாணம் என்று ஆனால் கொடுக்கலாம். ஆகாவிட்டால்? அதை அவர் யோசிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து முதல் தடவையாக அவள் வீட்டுக்குப் போனவர், குளியலறை மூலையில் போர்த்தி வைத்திருந்ததைப் பார்த்தார். திரும்பி வந்து பெட்டிமேல் துணியை விரித்துவிட்டார். அன்றிலிருந்து முதல் தேதி தவறாமல் தவணையும் கட்டி, அதன்மேலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டும் வந்திருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு அறை வீட்டில் இரண்டு மெஷின் வைக்க முடியாது. இரண்டு தவணை கட்டவும் முடியாது. அவளுடையதில் பதினான்கு முடிந்து பத்து பாக்கி. அவருடையதில் ஐந்து முடிந்து பத்தொன்பது பாக்கி, அதுவும் பெரிய மெஷின் என்பதால் தவணையும் பெரிது. அவர் மெல்ல, இது புதுசு, பெரிசும்கூட, உங்களுடையதைத் திருப்பிவிடலாமா என்று கேட்டுப் பார்த்தார். அவள், "அதுல என் கையெழுத்து இருக்குங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்படியானால் பெட்டி போக வேண்டியதுதான். அவருக்கு ஒரு யோசனை இருந்தது. தவணை வசூலுக்கு அந்தப் பக்கம் வருகிற ஆள் முன்பு ஒருமுறை சொல்லியிருந்தாராம்: வேண்டாம் என்றால் கட்டுவதை நிறுத்திவிடுங்கள், இரண்டு மாதத்தில் நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம், கதை முடிந்தது. அடுத்த மாதம் கட்டாமல் விட்டுவிடலாம் என்றார் அவர்.

அவள் முகம் மாறிவிட்டது. அண்ணன் ஒரு தடவை டிவிக்கு அப்படித்தான் நிறுத்தினார். எடுத்துக்கொண்டும் போனார்கள். ஆனால் எடுத்துப்போன நாள்வரைக்கும் மூன்று மாத வாடகை பாக்கி, தாமதக் கட்டணம், வண்டிக்கூலி என்று தனியாக ஒரு சீட்டு வந்தது. வாசலில் நின்று நாலு பேர் கேட்கப் பேசினார்கள். அண்ணன் பெயரைத் தவணை தவறியவர் பட்டியலில் சேர்த்ததில், பிறகு எந்தக் கடையிலும் தவணைக்குப் பொருள் கிடைக்கவில்லை.

"நிறுத்துறது வேற, ரத்து பண்றது வேறங்க. நாளைக்கு நடை முடிஞ்சதும் ரெண்டு பேரும் கடைக்குப் போறோம். ஒப்பந்தத்தை எடுத்து வைங்க."

கடையில் அடுக்கடுக்காக நின்ற பளபளப்பான மெஷின்களைத் தாண்டி, கடைசியில் ஒரு கண்ணாடித் தடுப்பு. உள்ளே கணக்குப் பிரிவில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி. ரத்து என்றதும் முகம் சுளிக்காமல் உட்காரச் சொன்னாள். அவர் ஒப்பந்தத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தார். பொருளைத் தொடவே இல்லை, சீல்கூட உடையவில்லை, அதனால் ஐந்து தவணையும் திரும்பக் கிடைக்கும் அல்லவா என்று கேட்டார். நேற்றே மனதில் எழுதி வைத்துக்கொண்டு வந்த கேள்வி.

அந்தப் பெண் ஒப்பந்தத்தைத் திருப்பி ஒரு பத்தியின்மேல் பேனாவை வைத்தாள். "சார், இது கடன் இல்ல, வாடகை. கடைசித் தவணை கட்டுற அன்னிக்குத்தான் மெஷின் உங்களோடது. அதுவரைக்கும் கடையோடது. அதனாலதான் எப்ப வேணாலும் திருப்பிக் கொடுக்கலாம், மீதிப் பத்தொன்பதை யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா கட்டின அஞ்சும் அந்தந்த மாசத்து வாடகை. அது திரும்பாது."

"நான் அதைப் பிரிக்கவே இல்லையேம்மா."

"பிரிக்காட்டியும் அது உங்க வீட்லதானே சார் இருந்துச்சு. வேற யாருக்கும் எங்களால கொடுக்க முடியலையே." அவள் குரல் தாழ்ந்தது. "வந்த ஏழு நாளுக்குள்ள பிரிக்காம கொண்டாந்திருந்தா மொத்தமும் திரும்பியிருக்கும். இதோ இங்கதான் போட்டிருக்கு."

ஏழு நாள் என்ற இடத்தில் அவர் பார்வை நின்றுவிட்டது. வேனக்கா வீட்டுக்கு அவர் முதலில் போனதே இருபத்தோராம் நாள்.

வேனக்கா விடவில்லை. இந்த ஐந்தைத் தன்னுடைய ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா, இரண்டும் இதே கடைதானே, இப்போது ஒரே குடும்பமும்தானே என்று கேட்டாள். முடியாதாம். ஒவ்வொரு ஒப்பந்தமும் தனித்தனி. ஒன்றில் கட்டிய வாடகை இன்னொன்றுக்கு நகராது. கடை சம்மதித்தால் வேறொருவர் பெயருக்கு மாற்றலாம், வருகிறவர் மீதியைக் கட்டிக்கொள்வார். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். இருவரும் யோசித்தார்கள். யாரும் இல்லை. அண்ணன் பெயர்தான் பட்டியலில் இருக்கிறதே.

திரும்புவது ஒன்றே ஒன்று: ஆரம்பத்தில் கட்டிய முன்பணம். ஒரு மாத வாடகை அளவு. மெஷின் நல்ல நிலையில் வந்து சேர்ந்து, சோதித்த பிறகு இரண்டு வாரத்தில் வங்கிக் கணக்குக்கு வரும். பழுது இருந்தாலோ, பாகம் குறைந்தாலோ அதில் பிடித்துக்கொள்வார்கள்.

அவர் ரத்துக் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதினார். அவள் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்: தேதி போடுங்க, ஒப்பந்த எண் போடுங்க, நகலில் சீல் வாங்குங்க. அந்தப் பெண் சீல் வைத்தபடியே, மாதம் முப்பதாம் தேதியோடு ஒப்பந்தம் முடியும் என்றும், அன்றைக்கே வண்டி வந்து எடுத்துக்கொள்ளும் என்றும், எடுத்ததற்கு ரசீது வாங்காமல் விடக்கூடாது என்றும் சொன்னாள். ரசீது இல்லாதவரை வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்குமாம்.

"முப்பதாம் தேதியா? அப்ப இன்னும் பதினெட்டு நாள் இருக்கே" என்றாள் வேனக்கா.

"ஆமாக்கா. இந்த மாச வாடகை ஒண்ணாம் தேதியே கட்டிட்டாரே."

"அதுவரைக்கும் நாங்க துவைக்கலாமா?"

அந்தப் பெண் முதலில் விழித்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். தாராளமாகத் துவைக்கலாம், அதற்குத்தானே வாடகை. சாதாரணமாகப் பயன்படுத்தினதற்கு முன்பணத்தில் பிடிக்க மாட்டார்கள். மாட்டிக் கொடுப்பதும் விலையில் சேர்ந்ததுதான், நாளைக்கே மெக்கானிக்கை அனுப்புகிறேன் என்றாள்.

வெளியே வந்து வேனில் ஏறியதும் அவர், "அஞ்சு மாசம் ஒரு அட்டைப்பெட்டிக்கு வாடகை கட்டியிருக்கேன்" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. அவள் வண்டியைக் கிளப்பவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எப்போதும் வில்லைத் தூள் ஒட்டியிருக்கிற கை. "எனக்கு இதுவரைக்கும் யாரும் இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ணினதில்லங்க" என்றாள்.

அவர் அன்று பூராவும் ஒரு தினுசாகவே இருந்தார். சந்தோஷம் என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் மெக்கானிக் வந்து பெட்டியைப் பிரித்தார். அறைக்குப் பின்னால், மூன்று குடித்தனத்துக்கும் பொதுவான முற்றத்தில், குழாய்க்குப் பக்கத்தில் மெஷின் உட்கார்ந்தது. பின்புறத்தில் நாலு நீளத் திருகாணிகளைக் கழற்றிக் கொடுத்தார். தூக்கிக்கொண்டு போகும்போது உள்ளே உருளை ஆடாமல் பிடிக்கிற ஆணிகள் அவை. திருப்பும்போது மறுபடி மாட்ட வேண்டும், தொலைத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். அவர் அவற்றை வில்லை டப்பாவில் போட்டு மூடினார்.

அந்தப் பதினேழு நாளும் மெஷின் ஓய்ந்ததில்லை. முதலில் இருபத்திரண்டு சீட்டு உறை. நாலு வருடத்துப் பாலும் பிஸ்கட்டும் ஊறிய உறைகள் உள்ளே சுழல, கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் முக்காலி போட்டு உட்கார்ந்து சினிமா பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அடுத்து அவருடைய திரைச்சீலை. அது சாம்பல் நிறம் என்று அவர் நினைத்திருந்தார். துவைத்து வந்தபோது இளநீலமாக இருந்தது. அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினோரு வருடத்துக்கு முன்னால் முதல் மனைவி தேர்ந்தெடுத்த திரைச்சீலை என்று சொன்னார். வேனக்கா அதை வாங்கி உதறி, கொடியில் நன்றாக விரித்துப் போட்டாள். நம்ம வீட்டு ஜன்னலுக்கு அளவு சரியாக இருக்கும் என்றாள்.

பக்கத்து அறைகளுக்குச் சேதி போனது. ரொட்டிக் கடையில் இரவு வேலை பார்க்கிற இரண்டு பேர் மாவு படிந்த மேலுடைகளைக் கொண்டுவந்தார்கள். வங்கிக் காவலாளி கம்பளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணியும் ஒரு மூட்டையோடு வந்திறங்கினாள். கல்யாணம் ஆன வீட்டில் வந்து துணி துவைத்துக்கொண்டு போகிற நாத்தனார் உண்டு, அண்ணி உண்டா என்று வேனக்கா கேலி செய்தாள். "நீ என் துணியைத் துவைச்சுக் கொடுத்த வருஷத்துக்கெல்லாம் நான் வாடகை கட்டலையே" என்றாள் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அன்று அவள்தான் எல்லாருடைய துணியையும் கொடியில் காயப் போட்டாள், வேனக்காவைத் தொடவிடவில்லை.

முப்பதாம் தேதி வண்டி வந்தது. வந்தவர் ஒப்பந்தத்தில் இருந்த எண்ணை மெஷினில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தார். உருளையைச் சுற்றினார், கதவு ரப்பரை விரலால் தடவினார், குழாயைப் பார்த்தார். எல்லாம் சரி. திருகாணி கேட்டார். வில்லை டப்பாவைத் திறந்தால் மூன்றுதான் இருந்தது. கால் மில்லிமீட்டர் பிசகினால் வில்லையைத் தூக்கிப் போடுகிற மனிதர், முற்றம் முழுவதும் மண்டியிட்டுத் தேடினார். காவலாளியும் தேடினார். கிடைக்கவில்லை. மூன்றை மாட்டி, நாலாவதற்குப் பதில் வண்டியிலிருந்த ஒன்றைப் போட்டு ஏற்றினார்கள். திருகாணி ஒன்று குறைவு, மற்றபடி நல்ல நிலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீதை வேனக்கா இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

இரண்டு வாரம் என்றது பதினாறு நாள் ஆயிற்று. முன்பணம் வந்தது, ஒரு திருகாணியின் விலை போக. அதற்கப்புறம் கடையிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பணத்தில் அவளுடைய அடுத்த தவணையைத் தான் கட்டுவதாக அவர் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். அது என் பொருள், நானே முடிப்பேன் என்றாள். அவர் வற்புறுத்தவில்லை, ஆனால் முகம் வாடியது தெரிந்தது. இரண்டு நாள் யோசித்தாள். காலை நடையில் யோசித்தாள், மாலை நடையில் யோசித்தாள். மூன்றாம் நாள், ஒரே ஒரு தவணை, மற்றதெல்லாம் நான்தான் என்றாள்.

கடையில் அதே பெண்தான் ரசீது போட்டாள். ஒப்பந்தம் வேனக்கா பெயரில் என்பதால், கட்டுகிறவர் யார் என்று எழுத ஒரு வரி இருந்தது. "உறவு?" என்று கேட்டாள். அவர் வேனக்காவைப் பார்த்தார்.

"கணவர்னு போடும்மா" என்றாள் அவள்.

ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மணி இரண்டேகால். மாலை நடைக்கு நேரமாகிவிட்டதால் அவரைக் கடைத்தெரு முனையில் இறக்கிவிட்டு அவள் பள்ளிக்கூடத்துக்கு வண்டியைத் திருப்பினாள்.